சந்தை எந்த ரிஸ்க்குக்குக் கூலி கொடுக்கும்?

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் இருப்பதாகக் காட்டிய பல ஆயிரம் கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவி விலகினார். அன்றைய வர்த்தகம் முடிவதற்குள் சத்யம் பங்கு ஏறக்குறைய 78% விழுந்துவிட்டது. 2020 மார்ச் 23 அன்று நடந்தது வேறு மாதிரி. கொரோனா பயத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அன்று எந்தத் துறையின் பங்கை வைத்திருந்தவரும் தப்பவில்லை.

சேமிப்பு முழுவதையும் சத்யத்தில் போட்டவருக்கு முதல் சம்பவம் பேரிடி. சேமிப்பில் 5% மட்டும் சத்யத்தில் வைத்து, மீதியை வேறு இருபது முப்பது பங்குகளில் பிரித்துப் போட்டவருக்கு அந்தப் பங்கால் வந்த நட்டம் 4 சதவீதத்துக்கும் குறைவு. பிரித்துப் போடுவது அவரைக் காப்பாற்றியது. 2020 மார்ச்சில் அதே மனிதர் ஐம்பது பங்குகளை வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது: சத்யம் விழுந்த நாளில் சென்செக்ஸும் 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மற்ற நிறுவனங்களின் கணக்கும் இப்படித்தானோ என்ற சந்தேகம் எல்லாப் பங்குகளையும் தொட்டது. ஆக, ஒரே பங்கின் ஒரே நாள் வீழ்ச்சிக்குள் இரண்டு விதமான ரிஸ்க் கலந்திருக்கிறது. ஒன்று அந்த நிறுவனத்துக்கே உரியது. மற்றது சந்தை முழுவதையும் சேர்ந்தது.

நிதியியல் தேர்வு எழுதும் மாணவர்கள் 'கேப்-எம்' என்று சொல்லும் மூலதனச் சொத்து விலையிடல் மாதிரி, இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. சி.ஏ., சி.எம்.ஏ., எம்.பி.ஏ. என்று எதை எழுதினாலும் இந்தச் சூத்திரம் வந்தே தீரும். சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு, எதற்காக இப்படி என்று கேட்காமல் போனவர்கள்தான், கேள்வியை லேசாகத் திருப்பிப் போட்டதும் தடுமாறுகிறார்கள்.

ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் எழுதிய கட்டுரையிலிருந்து இது தொடங்குகிறது. ஒரு பங்கைத் தனியாக எடைபோடக் கூடாது, அது மற்ற பங்குகளோடு சேரும்போது மொத்த ஏற்ற இறக்கத்துக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லோரும் அப்படியே நடந்துகொண்டால் பங்குகளின் விலை எப்படி அமையும் என்பது அடுத்த கேள்வி. வில்லியம் ஷார்ப் 1964-ல் இதற்கு விடை வெளியிட்டார். ஜான் லிண்ட்னர் 1965-லும் யான் மாசின் 1966-லும் தனித்தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்கு முன்பே ஜாக் டிரெய்னர் இதை எழுதி, அச்சேற்றாமல் வைத்திருந்தார். 1990-ல் மார்க்கோவிட்ஸும் ஷார்ப்பும் மெர்ட்டன் மில்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அவர்களின் வாதம் இதுதான். பிரித்துப் போட்டால் கரைந்துவிடும் ரிஸ்க்கைச் சுமப்பதற்குச் சந்தை கூடுதல் வருமானம் தராது. ஒரு பேச்சுக்கு, தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருந்துக் கம்பெனியின் பங்கு, ஆலைக்கு எந்த நேரத்தில் சிக்கல் வருமோ என்ற பயத்தால் மலிவாகக் கிடைக்கிறது; அதனால் அதில் எதிர்பார்க்கும் வருமானம் அதிகம். நூறு பங்குகளை வைத்திருக்கும் ஒரு பெரிய ஃபண்டுக்கு அந்த ஆலையின் சிக்கல் ஒரு பொருட்டே அல்ல. அந்தப் பயம் அதற்கு இல்லை, கூடுதல் வருமானம் மட்டும் தெரிகிறது. உடனே வாங்கும். அதைப் போன்ற மற்றவர்களும் வாங்குவார்கள். விலை ஏறும், விலை ஏறினால் இனி கிடைக்கப்போகும் வருமான விகிதம் இறங்கும். அந்தக் கூடுதல் பங்கு மறையும்வரை இது நடக்கும். கடைசியில், ஒரே பங்கில் பணத்தை முடக்கியவர் அந்தத் தனி ரிஸ்க்கை இலவசமாகச் சுமக்கிறார். சந்தை ரிஸ்க் அப்படி அல்ல. அதை யாருடைய தலையிலும் தள்ளிவிட முடியாது. யாராவது சுமந்தாக வேண்டும், சுமப்பவர் கூலி கேட்பார்.

அந்தக் கூலியைக் கணக்கிடும் சூத்திரம்:

E(Ri) = Rf + βi × [E(Rm) − Rf]

Rf என்பது ரிஸ்க் இல்லாத முதலீட்டின் வட்டி. இந்தியாவில் அரசின் கருவூல உண்டியல் அல்லது பத்து வருடக் கடன் பத்திரத்தின் விகிதத்தை எடுத்துக்கொள்வார்கள். E(Rm) சந்தை முழுவதிலும் எதிர்பார்க்கும் வருமானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சந்தை பிரீமியம், அதாவது ஓர் அளவு சந்தை ரிஸ்க்குக்குக் கூலி. குறிப்பிட்ட பங்கு எத்தனை அளவு சுமக்கிறது என்று சொல்வது பீட்டா. சந்தையின் பீட்டா 1. பீட்டா 1.2 என்றால், சந்தை 10% கூடுதலாக ஏறும்போது இந்தப் பங்கு சராசரியாக 12% கூடுதலாக ஏறும். இறங்கும்போதும் அதே கதை.

பீட்டாவை எப்படிக் கண்டுபிடிப்பது? பங்கும் சந்தையும் சேர்ந்து நகரும் அளவை, அதாவது கோவேரியன்ஸை, சந்தையின் வேரியன்ஸால் வகுத்தால் பீட்டா. தேர்வில் வருவது போன்ற ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக அமைத்த எண்கள். ஐந்து வருட வருமானம் சதவீதத்தில்:

| வருடம் | சந்தை | அ பங்கு | ஆ பங்கு |
|---|---|---|---|
| 1 | 13 | 24 | −16 |
| 2 | −2 | −3 | 13 |
| 3 | 23 | 29 | 29 |
| 4 | 18 | 17 | 16 |
| 5 | 13 | 8 | 3 |
| சராசரி | 13 | 15 | 9 |

முதலில் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழிக்க வேண்டும். சந்தைக்கு 0, −15, 10, 5, 0 என்று விலகல்கள் வரும். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 350. அ பங்கின் விலகல்கள் 9, −18, 14, 2, −7. ஒவ்வொன்றையும் அதே வருடத்தின் சந்தை விலகலோடு பெருக்கிக் கூட்டினால் 0 + 270 + 140 + 10 + 0 = 420. பீட்டா 420 ÷ 350 = 1.2. ஆ பங்கின் விலகல்கள் −25, 4, 20, 7, −6, பெருக்கிக் கூட்டினால் 175, பீட்டா 0.5.

ஐந்தால் வகுப்பதா நான்கால் வகுப்பதா என்று தேர்வு அறையில் பலர் நேரத்தை வீணாக்குவார்கள். மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுக்கும்வரை பீட்டாவுக்கு அது முக்கியமே இல்லை, அடிபட்டுப் போய்விடும். மேலே ஐந்தாலும் கீழே நான்காலும் வகுத்தால்தான் தப்பு.

இனி சுவையான பகுதி. ஐந்தால் வகுத்து வேரியன்ஸ் கண்டால், சந்தைக்கு 70, அ பங்குக்கு 130.8, ஆ பங்குக்கு 225.2. திட்ட விலக்கமாக மாற்றினால் அ பங்குக்குச் சுமார் 11.4%, ஆ பங்குக்கு 15%. தனியாகப் பார்த்தால் ஆ பங்குதான் அதிகம் ஆடுகிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் சந்தையால் வந்தது எவ்வளவு? பீட்டாவின் வர்க்கத்தைச் சந்தை வேரியன்ஸால் பெருக்கினால் தெரியும். அ பங்குக்கு 1.44 × 70 = 100.8, மொத்தம் 130.8-ல் மிச்சம் 30 மட்டுமே அதன் சொந்த ரிஸ்க். ஆ பங்குக்கு 0.25 × 70 = 17.5, மிச்சம் 207.7 முழுவதும் அதன் சொந்தக் கதை. முதல் வருடத்தைப் பாருங்கள்: சந்தை தன் சராசரியிலேயே நின்றது, ஆ பங்கு 16% விழுந்தது. அந்த வீழ்ச்சிக்குச் சந்தை காரணமே இல்லை.

இந்த இரண்டையும் பாதிப் பாதியாக வாங்கினால் என்ன ஆகும்? வருடா வருடம் சராசரி எடுத்துக் கணக்கிட்டால், கலவையின் திட்ட விலக்கம் சுமார் 9.6%. இரண்டு பங்கில் குறைவாக ஆடிய அ பங்கைவிடவும் குறைவு! இரண்டே பங்கு சேர்ந்ததற்கே ஆட்டத்தின் ஒரு பகுதி காணாமல் போய்விட்டது. பீட்டா மட்டும் துளியும் கரையவில்லை. 1.2-க்கும் 0.5-க்கும் சரியான நடுவில் 0.85 என்று நிற்கிறது. இன்னும் நூறு பங்குகளைச் சேர்த்தாலும் கலவையின் பீட்டா அவற்றின் எடையிட்ட சராசரியாகவே இருக்கும். கரைவதற்குக் கூலி இல்லை, கரையாததற்குத்தான் கூலி என்று ஷார்ப் சொன்னதன் கணக்கு வடிவம் இது.

கருவூல உண்டியல் 7% தருகிறது, சந்தையில் 13% எதிர்பார்க்கலாம் என்று கேள்வியில் கொடுத்திருந்தால், பிரீமியம் 6%. அ பங்கு தர வேண்டியது 7 + 1.2 × 6 = 14.2%. ஆ பங்கு தர வேண்டியது 7 + 0.5 × 6 = 10%. அதிகமாக ஆடும் பங்குக்குக் குறைந்த வருமானம் போதும் என்கிறது மாதிரி. முதன்முறை கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். கடைத்தெருவில் சொல்லும் 'ரிஸ்க் கூடினால் லாபம் கூடும்' என்பது பாதி உண்மைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

மதிப்பெண் போகும் இடங்களில் முதலாவது, கேள்வியில் கொடுத்திருப்பது சந்தை வருமானமா, சந்தை பிரீமியமா என்று கவனிக்காதது. பிரீமியம் 6% என்று கொடுத்திருக்கும்போது அதிலிருந்து மறுபடியும் 7-ஐக் கழித்து −1 என்று எழுதுபவர்கள் உண்டு. 13% வருமானத்தைக் கழிக்காமல் அப்படியே பெருக்கி, அ பங்குக்கு 22.6% என்று எழுதுபவர்களும் உண்டு. விடை வந்ததும், பீட்டா 1 என்று போட்டால் சந்தையின் வருமானமே திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும், இந்தத் தவறு உடனே அகப்படும்.

இரண்டாவது இடறல் இரண்டு கோடுகளைக் குழப்புவது. பத்திரச் சந்தைக் கோட்டின் படுக்கை அச்சில் பீட்டா இருக்கும். எந்தப் பங்கையும் எந்தக் கலவையையும் அதில் வைத்துப் பார்க்கலாம். மூலதனச் சந்தைக் கோட்டின் படுக்கை அச்சில் திட்ட விலக்கம் இருக்கும். ரிஸ்க் இல்லாத கடன் பத்திரத்தையும் சந்தை முழுவதையும் கலந்த முதலீடுகள் மட்டுமே அதன் மேல் உட்காரும். ஆ பங்கைத் தவறுதலாக இரண்டாவது கோட்டில் வைத்தால், 7 + (15 ÷ 8.37) × 6, ஏறக்குறைய 17.8% வேண்டும் என்று வரும். சரியான விடை 10%. இடையிலுள்ள 7.8% யாரும் கொடுக்காத கூலி.

மூன்றாவது, பங்கு மலிவா விலையேற்றமா என்று கேட்கும் கேள்வி. அ பங்கு 15% தரும் என்று எதிர்பார்க்கிறோம், தர வேண்டியது 14.2%. அதிகம் தருகிறது என்பதால் 'அதிக விலை' என்று அவசரத்தில் எழுதிவிடுவார்கள். விலையாக மாற்றிப் பாருங்கள். இன்று 100 ரூபாய்க்கு விற்கும் பங்கு, ஒரு வருடம் கழித்து டிவிடெண்டும் சேர்த்து 115 ரூபாய் தரும். அந்த 115-ஐ 1.142-ஆல் வகுத்தால் இன்றைய நியாய விலை சுமார் 100 ரூபாய் 70 பைசா. 100-க்குக் கிடைக்கிறது என்றால் மலிவு, வாங்கலாம். ஆ பங்கு ஒரு வருடத்தில் 109 தரும், 1.10-ஆல் வகுத்தால் 99 ரூபாய் 9 பைசா; 100-க்கு வாங்குவது அதிகம். வரைபடத்தில் மலிவான பங்கு கோட்டுக்கு மேலே இருக்கும், விலையேறியது கீழே. வருமானமும் விலையும் எதிரெதிர்த் திசையில் போகும் என்பதை நினைவில் வைத்தால் தடுமாற்றம் வராது.

தேர்வுத் தாளில் பீட்டா 1.2 என்று அழுத்தமாக அச்சாகியிருக்கும். நிஜத்தில் அது ஓர் ஊகம்தான். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐந்தே புள்ளிகள் வழியாகக் கோடு இழுத்தால் அ பங்கின் பீட்டாவுக்குத் திட்டப் பிழை சுமார் 0.38. 95% நம்பிக்கையோடு சொல்வதானால் உண்மையான பீட்டா பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 2.4 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறுபது மாத வருமானங்களையோ, இரண்டு வருட வாராந்தர வருமானங்களையோ எடுப்பார்கள். அப்போதும் மாத பீட்டாவும் வார பீட்டாவும் ஒத்துப்போகாது. தினமும் வாங்கல் விற்பனை நடக்காத சின்னக் கம்பெனிப் பங்குகளில் தொல்லை இன்னும் அதிகம். சந்தை விழுந்த நாளில் அந்தப் பங்கு கைமாறவே இல்லை என்றால், பழைய விலையே பதிவில் நிற்கும். பங்கு ஆடவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டு 0.3, 0.4 என்று பீட்டாவைக் காட்டும். பாதுகாப்பான பங்கு என்று அதை நம்பி வாங்குபவர் பாவம். அந்தப் பங்கு ஒரு நாளில் எத்தனை கைமாறுகிறது என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாதிரியே தோற்ற இடமும் உண்டு. ஃபிஷர் பிளாக், மைக்கேல் ஜென்சன், மைரன் ஷோல்ஸ் மூவரும் நியூயார்க் பங்குச் சந்தையின் பல பத்தாண்டு விவரங்களைப் பீட்டா வாரியாக அடுக்கி, 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். பீட்டா கூடினால் வருமானம் கூடத்தான் செய்தது, ஆனால் சூத்திரம் சொன்ன அளவுக்கு இல்லை. குறைந்த பீட்டா பங்குகள் கணக்கைவிட அதிகம் தந்தன, உயர்ந்த பீட்டா பங்குகள் கணக்கைவிடக் குறைவாகத் தந்தன. கோடு படுத்துவிட்டது. இதற்குப் பிளாக் சொன்ன ஒரு காரணம் எளிமையானது. எல்லோரும் அரசாங்கம் வாங்கும் வட்டிக்கே கடன் வாங்க முடியும் என்று மாதிரி வைத்துக்கொள்கிறது. நமக்கு யார் அந்த வட்டிக்குக் கொடுப்பார்கள்? கடன் வாங்கிச் சந்தையில் போட முடியாதவர், அதிக வருமானம் வேண்டி உயர்ந்த பீட்டா பங்குகளையே துரத்துவார். அவற்றின் விலை ஏறி, வருமானம் தேயும். 1992-ல் யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும், கம்பெனியின் அளவையும் புத்தக மதிப்பு விகிதத்தையும் கணக்கில் சேர்த்தால் பீட்டா விளக்குவதற்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று காட்டினார்கள்.

ரிச்சர்ட் ரோல் 1977-ல் வேறொரு பக்கத்திலிருந்து அடித்தார். 'சந்தை' என்று சூத்திரத்தில் இருப்பது உலகத்தில் உள்ள எல்லாச் சொத்தும்: நிலம், வீடு, தங்கம், ஒவ்வொருவரும் எதிர்காலத்தில் வாங்கப்போகும் சம்பளம்கூட. நாமோ நிஃப்டியையோ அமெரிக்க எஸ்.அண்டு.பி. 500 குறியீட்டையோ வைத்துச் சோதிக்கிறோம். சோதனை தோற்றால், தோற்றது மாதிரியா, குறியீடா என்று சொல்லவே முடியாது என்றார். நம் குடும்பங்களின் சொத்தில் பாதிக்கு மேல் வீட்டிலும் நகையிலும் முடங்கியிருக்கும்போது, இந்தக் குறை வெறும் பண்டித வாதம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இத்தனைக்குப் பிறகும் சூத்திரம் வேலையில் இருந்து ஓய்வு பெறவில்லை. தனியார் குடிநீர் நிறுவனங்களின் கட்டணத்தை நிர்ணயிக்கும் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பு இதைப் பயன்படுத்துகிறது. இங்கே விமான நிலையக் கட்டணத்தை நிர்ணயிக்கும் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையமும், விமான நிலையத்தை நடத்துபவரின் பங்கு மூலதனத்துக்கு எவ்வளவு வருமானம் நியாயம் என்பதை இந்தச் சூத்திரத்தை வைத்தே மதிப்பிடுகிறது. அங்கே பீட்டா பாடப்புத்தக எண் அல்ல, பேரம் பேசும் பொருள். விமான நிலையம் தனியாகப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதபோது, வெளிநாட்டு விமான நிலையங்களின் பீட்டாவை எடுத்து, அவற்றின் கடன் சுமைக்கும் இங்குள்ள கடன் சுமைக்கும் ஏற்பத் திருத்த வேண்டியிருக்கும். பீட்டா கொஞ்சம் கூடினாலும் நிறுவனத்துக்கு அனுமதிக்கும் வருமானம் கூடும். அது பயணி டிக்கெட்டில் கட்டும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணத்தில் வந்து விழும். எனவே நடத்துபவரின் ஆலோசகர் எங்கள் தொழிலில் ரிஸ்க் அதிகம் என்று உயர்ந்த பீட்டாவை நியாயப்படுத்தப் பார்ப்பார். ஆணையம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர் பட்டியலிடும் ரிஸ்க்குகளில் எத்தனை சந்தையோடு சேர்ந்து ஆடுபவை, எத்தனை முதலீட்டாளர் பிரித்துப் போட்டாலே கரைந்துவிடுபவை?